‘கோயில் பூமிக்கு வடக்கு’: கிரயப் பத்திரத்தை ஆங்கிலமாக்கும்போது எல்லை திரும்பிவிடாமல் எழுதுவது எப்படி?

நொய்யல்கரை

வணக்கம். நான் வழக்கமாகக் கம்பெனி ஒப்பந்தங்களும் மருத்துவ அறிக்கைகளும் மொழிபெயர்ப்பவன். இப்போது சென்னை உயர் நீதிமன்றத்தில் ஓர் இரண்டாம் மேல்முறையீட்டுக்காக, பொள்ளாச்சிப் பக்கத்து நிலம் ஒன்றின் 1974-ஆம் வருஷக் கிரயப் பத்திரத்தை ஆங்கிலமாக்கும் வேலை வந்திருக்கிறது. வழக்குக் கட்டில் ஏற்கெனவே யாரோ செய்த ஆங்கிலப் படி ஒன்றும் இருக்கிறது. அதில் சொத்து விவரத்தைப் படித்தால், எனக்குத் தமிழில் புரிவதற்கு நேர் எதிராக இருக்கிறது. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

ஆட்களின் பெயரை எடுத்துவிட்டு, எண்களையும் மாற்றித் தருகிறேன். பு.ஏ. என்பது புஞ்சை ஏக்கர், செக்குபந்தி என்பது நாலு எல்லை, இட்டேரி என்பது இருபுறமும் வேலியுள்ள ஊர்த்தடம்:

“ரீ.ச. 214/2 நெம்பர் பு.ஏ. 4.36, இதில் தென்புறம் பு.ஏ. 2.18-க்குச் செக்குபந்தி: கோயில் பூமிக்கு வடக்கு, இந்த நெம்பரில் என் அண்ணன் பாகம் பூமிக்குத் தெற்கு, தென்வடல் இட்டேரிக்குக் கிழக்கு, 215 நெம்பர் பூமிக்கு மேற்கு. இதன் மத்தியில் உள்ள பு.ஏ. 2.18 பூமியும், அண்ணன் பாகத்தில் உள்ள கிணற்றில் பொதுவில் பாதியும், அண்ணன் பாகத்தின் தென்கடைசியில் இட்டேரியிலிருந்து கிழக்கே கிணற்றுக்குப் போகும் 10 அடி அகலப் பொதுத்தடத்தில் ஆள், கால்நடை, வண்டி போய்வர மாமூல் தடபாத்தியமும் சேர்ந்தது.”

பழைய ஆங்கிலப் படியில் ‘நார்த்’ என்று போட்டு அதற்கு எதிரே கோயில் நிலம், ‘சவுத்’துக்கு எதிரே அண்ணன் நிலம், ‘ஈஸ்ட்’டுக்கு எதிரே இட்டேரி, ‘வெஸ்ட்’டுக்கு எதிரே 215 என்று இருக்கிறது. இது சரியா?

கம்பிவேலி

சரிதானே. எங்கள் லேஅவுட் பத்திரம் எல்லாம் அப்படித்தான் இருக்கிறது. ‘வடக்கில்: 30 அடி ரோடு, தெற்கில்: பிளாட் நம்பர் 18’. ஆங்கிலத்திலும் நாலு திசையை வரிசையாகப் போட்டு எதிரே என்ன இருக்கிறதோ அதை எழுதினால் போதும். உலகம் முழுக்க அதுதான் முறை. ரொம்ப யோசிக்க வேண்டாம்.

ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர்

தம்பி நொய்யல்கரை, நீங்கள் சந்தேகப்பட்டது சரி. பழைய ஆங்கிலப் படியில் நாலு எல்லையும் திரும்பிவிட்டது.

கம்பிவேலி சொல்கிற லேஅவுட் பத்திரத்தில் ‘வடக்கில்’ என்று இருக்கிறது. அங்கே ரோடுதான் வடக்கே இருக்கிறது. ஆனால் இந்தப் பத்திரத்தில் ‘கோயில் பூமிக்கு வடக்கு’ என்று இருக்கிறது. அந்தக் ‘கு’தான் முக்கியம். கோயில் பூமியில் நின்று பார்த்தால் விற்கிற நிலம் வடக்கே இருக்கிறது என்று பொருள். அப்படியானால் விற்கிற நிலத்துக்குக் கோயில் பூமி தெற்கெல்லை. அண்ணன் பூமிக்குத் தெற்கே இந்த நிலம், எனவே அண்ணன் பூமி வடக்கெல்லை. இட்டேரிக்குக் கிழக்கே இந்த நிலம், எனவே இட்டேரி மேற்கெல்லை. 215 கிழக்கெல்லை. கடைசியில் ‘இதன் மத்தியில்’ என்று முடிப்பதே அதற்காகத்தான். நாலு பொருளைச் சொல்லி, ஒவ்வொன்றிலிருந்தும் எந்தத் திசையில் நிலம் என்று சொல்லி, அவற்றின் நடுவில் இருப்பதை விற்கிறேன் என்கிறார்.

இதைப் பத்திரத்தை வைத்தே சரிபார்க்கலாம், வேறு எங்கும் போக வேண்டாம். விற்பது 4.36 ஏக்கரில் தென்புறம் 2.18. மீதி 2.18 அண்ணனுடையது. தென்பாதியை விற்றால் மீதிப் பாதி வடக்கேதான் இருக்க முடியும். பழைய ஆங்கிலப் படியில் அண்ணன் நிலம் தெற்கே போய்விட்டது. அதாவது அந்தப் படி தன் முதல் வரியையே மறுக்கிறது. அடுத்து தடத்தைப் பாருங்கள். அண்ணன் பாகத்தின் தென்கடைசி என்பது நம் நிலத்தின் வடவரப்பை ஒட்டிய இடம். இட்டேரியிலிருந்து தடம் கிழக்கே போகிறது. இட்டேரி மேற்கே இருந்தால்தான் கிழக்கே போகிற தடம் கிணற்றில் சேரும். இட்டேரி கிழக்கெல்லையாக இருந்தால் அந்தத் தடம் 214-ஐ விட்டே வெளியே போய்விடும்.

எனக்கு இதில் கவலை என்னவென்றால், நாலும் ஒன்றாகத் திரும்பும்போது வேறு எதுவும் மாறுவதில்லை. ஏக்கர் அதேதான், சர்வே எண் அதேதான், பக்கத்து நிலங்களின் பெயர்களும் அதேதான். சரிபார்ப்பவர் தமிழில் ‘வடக்கு, கோயில்’, ஆங்கிலத்தில் ‘நார்த், டெம்பிள்’ என்று டிக் அடித்துக்கொண்டே போய்விடுவார்.

கம்பிவேலி

விளக்கத்துக்கு நன்றி ஐயா. ‘கு’ விஷயம் நான் கவனித்ததில்லை. ஆனால் ஒரு கேள்வி. திசை திரும்பினாலும் நிலம் அதே நிலம்தானே? சர்வே எண் இருக்கிறது, ஏக்கர் இருக்கிறது, பட்டா இருக்கிறது. எல்லை எழுத்து தப்பினால் நடைமுறையில் என்ன ஆகிவிடப்போகிறது?

வைகை வக்கீல்

சர்வே எண் முழுவதையும் விற்றிருந்தால் உங்கள் வாதத்தில் பாதி நிற்கும். இங்கே விற்றது ஓர் எண்ணுக்குள் ஒரு பகுதி. அந்தப் பகுதி எது என்று காட்டுவதே எல்லைதான்.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் ஆணை 7 விதி 3, அசையாச் சொத்து வழக்கில் பிராதிலேயே சொத்தை அடையாளம் காணும்படி விவரிக்கச் சொல்கிறது. எல்லையாலோ சர்வே எண்ணாலோ அடையாளம் காண முடிந்தால் அதைக் குறிப்பிடவும் சொல்கிறது. அந்த விவரம் அப்படியே தீர்ப்பாணைக்குப் போகும். வழக்கறிஞர் ஆணையர் நிலத்துக்குப் போகும்போது கையில் வைத்திருப்பதும் அதையே. எல்லைக்கும் அளவுக்கும் முரண் வந்தால் பொதுவாக எல்லைக்கே முதலிடம் கொடுப்பது நம் நீதிமன்றங்களின் வழக்கம். மாறவே மாறாத விதி என்று அதைச் சொல்ல முடியாது, சாட்சியத்தைப் பொறுத்தது. ஆனால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு, ‘வாதியின் ஆவணப்படி அவர் நிலம் வடபாதி’ என்று வாதாட ஓர் ஆங்கிலப் படி கிடைத்தால் போதும். அப்புறம் அசல் தமிழைக் காட்டித்தான் மீள வேண்டும். மீளலாம், ஆனால் அதற்குள் வாய்தா எத்தனை போகும் என்று சொல்ல முடியாது.

நொய்யல்கரை, நீங்கள் ஒன்று செய்யுங்கள். அந்தப் புல எண்ணுக்கான எஃப்.எம்.பி. என்ற நில அளவை வரைபடத்தைக் கேட்டு வாங்கி, 215 எந்தப் பக்கம் என்று பாருங்கள். பக்கத்துப் புல எண்கள் அந்த வரைபடத்தின் ஓரத்தில் குறித்திருக்கும். 215 கிழக்கே இருந்தால் விஷயம் முடிந்தது.

நொய்யல்கரை

இருவருக்கும் நன்றி. எஃப்.எம்.பி. பார்த்தேன். 215 கிழக்கேதான் இருக்கிறது.

இப்போது ஆங்கிலத்தில் எந்த வடிவில் எழுதுவது? ‘பவுண்டட் ஆன் தி நார்த் பை’ என்று தொடங்கி அண்ணன் நிலத்தை எழுதலாமா? அல்லது தமிழில் இருக்கிற வரிசையிலேயே, கோயில் நிலத்துக்கு வடக்கே கிடக்கிறது என்ற பொருளில் ‘லையிங் டு தி நார்த் ஆஃப்’ என்று ஒவ்வொன்றாக எழுதலாமா?

வைகை வக்கீல்

முதல் வடிவம். நீதிபதியும் ஆணையரும் பழகியது அதுதான். வடக்கில் அண்ணன் நிலம், தெற்கில் கோயில் நிலம், கிழக்கில் 215, மேற்கில் இட்டேரி என்று திருப்பி எழுதிவிடுங்கள். படிக்கிறவர் நின்று யோசிக்கக் கூடாது.

ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர்

வக்கீல் சார் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. பத்திரத்தில் முதலில் கோயில் பூமி, இரண்டாவது அண்ணன் பூமி. ஆங்கிலத்தில் முதலில் அண்ணன் பூமி வந்தால், இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறவர் ‘மொழிபெயர்ப்பாளர் மாற்றிவிட்டார்’ என்றுதான் நினைப்பார். பழைய படியின் தப்பான வரிசையோடும் அது ஒத்துவராது. வரிசை மாறாமல் ‘டு தி நார்த் ஆஃப் தி டெம்பிள் லேண்ட்’ என்று எழுதினால் வரிக்கு வரி பொருந்தும், பொருளும் தப்பாது. முடிவில் ‘வித்தின் தீஸ் ஃபோர் பவுண்டரீஸ்’ என்று ‘இதன் மத்தியில்’ வந்துவிடும். திருப்பி எழுதுகிற வேலையை மொழிபெயர்ப்பாளர் செய்யவே வேண்டாம். திருப்பும் இடத்தில்தான் கை தப்புகிறது.

வைகை வக்கீல்

ஐயா, ஒப்பிடுகிறவருக்கு நீங்கள் சொல்வது வசதி. படிக்கிறவருக்கு என் வழி வசதி. மேல்முறையீட்டில் நீதிபதி படிக்கிறவர். நான் என் ஜூனியர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

தில்லைநகர் ராணி

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டுப் பத்திரத்தில் ‘கீழ்புறம் பொதுச்சுவர்’ என்று இருக்கிறது. மகன் வெளிநாட்டிலிருந்து பவர் எழுதி அனுப்ப, அங்கே ஒருவரிடம் கொடுத்து ஆங்கிலமாக்கினான். அதில் ‘லோயர் சைட் பப்ளிக் வால்’ என்று வந்திருக்கிறது. அது சரியில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. சுவர் எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சரிபாதி. பஞ்சாயத்துச் சுவர் இல்லை.

ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர்

அம்மா, இரண்டு வார்த்தையும் தப்பு. பத்திரத்தில் கீழ்புறம் என்றால் கிழக்குப் பக்கம். மேல்புறம் என்றால் மேற்கு. கீழண்டை, மேலண்டை என்றும் எழுதுவோம். மாடி வீடு விற்கும்போது ‘கீழ்பாகம்’ என்று வந்தால் மட்டும் நின்று பார்க்க வேண்டும். தரைத்தளத்தை விற்கிறாரா, கிழக்குப் பாதியை விற்கிறாரா என்பது அளவுகளைப் படித்தால் தெரிந்துவிடும்.

‘பொது’ இன்னும் பெரிய விஷயம். பத்திரத்தில் பொது என்றால் பெரும்பாலும் பங்காளிகளுக்குப் பொது, அல்லது அக்கம்பக்கத்து இருவருக்குப் பொது. ஆங்கிலத்தில் ‘காமன்’. உங்கள் சுவருக்கு ‘பார்ட்டி வால்’ என்று ஒரு சொல்லே இருக்கிறது. ஊருக்கே உரிய பாதை என்றால் நாங்கள் சர்க்கார் ரோடு, பஞ்சாயத்துப் பாதை, வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று ஏதாவது ஓர் அடையாளத்தோடு எழுதுவோம். நொய்யல்கரையின் பத்திரத்தில் 10 அடி ‘பொதுத்தடம்’ இருக்கிறதே, அதை ‘பப்ளிக் பாத்வே’ என்று எழுதிவிட்டால், அண்ணன் தம்பி இருவர் மட்டும் போகிற தடம் ஊரே போகிற வழியாகிவிடும். அண்ணனின் வாரிசுகள் அதை ஒத்துக்கொள்வார்களா?

‘பொதுவில் பாதி’ என்பதும் அப்படித்தான். கிணற்றின் பாதியை வெட்டிப் பிரித்துக் கொடுக்கவில்லை. பிரிக்காத பாதிப் பங்கு. ‘அன்டிவைடட் ஹாஃப் ஷேர்’ என்று எழுத வேண்டும். நிலத்தில் ‘தென்புறம் 2.18’ என்பது பிரித்த பாதி, கிணற்றில் ‘பொதுவில் பாதி’ என்பது பிரிக்காத பாதி. ஒரே பத்திரத்தில் அடுத்தடுத்த வரியில் இரண்டும் வருகின்றன. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வெறும் ‘ஹாஃப்’ போட்டால் வித்தியாசம் போய்விடும்.

தில்லைநகர் ராணி

நன்றி ஐயா. மகனிடம் சொல்லி, பவரில் கையெழுத்துப் போடும் முன்பே மாற்றச் சொல்கிறேன்.

கிரவுண்டு வாசி

நானும் ஒரு பத்திரம் ஆங்கிலமாக்க வேண்டும். சென்னையில் 8 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட்டைப் போக்கியத்துக்கு எடுத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் ‘லீஸ்’ என்று போட்டால் போதும்தானே? இங்கே எல்லாரும் லீஸ் என்றுதான் சொல்கிறார்கள். இதற்கும் எல்லை எழுத வேண்டுமா?

வைகை வக்கீல்

உங்கள் கேள்வி வேறு விஷயம் சார், இருந்தாலும் ஒரு வார்த்தை. தலைப்பைப் பார்த்து மொழிபெயர்க்காதீர்கள், உள்ளே இருக்கிற நிபந்தனைகளைப் பாருங்கள். கடன் வாங்கியவர் சொத்தின் சுவாதீனத்தைக் கொடுத்து, வட்டிக்கு ஈடாக அனுபவித்துக்கொள்ளச் சொல்லி, பணத்தைத் திருப்பியதும் சொத்தைத் திரும்பப் பெறுவார் என்று எழுதியிருந்தால் அது 1882-ஆம் வருஷச் சொத்து மாற்றுச் சட்டம் 58-வது பிரிவு சொல்கிற அனுபோக அடமானம். கிராமங்களில் ஒத்தி என்பார்கள். அதை ‘லீஸ்’ என்று எழுதினால், சொத்தை மீட்கும் உரிமை ஆங்கிலப் படியில் காணாமல் போய்விடும். உங்கள் பத்திரத்தில் மாத வாடகைக்குப் பதில் முன்பணம், இத்தனை மாதம் கழித்துக் காலி செய்ய வேண்டும் என்று குத்தகை வாசகமாக இருந்தால் லீஸ் பொருந்தலாம். வாசகத்தைப் படிக்காமல் எதையும் சொல்ல முடியாது. தனி இழை தொடங்குங்கள்.

நொய்யல்கரை

மறுபடி என் பத்திரத்துக்கு வருகிறேன். சொத்து விவரத்துக்கு மேலே உள்ள வாசகத்தில் இன்னொரு சிக்கல். எல்லா வாக்கியமும் ‘வேண்டியது’ என்று முடிகிறது.

“இனிமேல் தாங்களே மேற்படி சொத்தைப் புத்திர பௌத்திர பாரம்பரியமாய்ச் சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. கிஸ்தி வகையறாக்களைச் செலுத்திக்கொள்ள வேண்டியது. கிணற்று மராமத்துச் செலவை இரு பாகஸ்தரும் சரிபாதியாகப் போட்டுக்கொள்ள வேண்டியது. பின்னிட்டு வில்லங்கம் ஏதும் ஏற்பட்டால் முன்னின்று சொந்தச் செலவில் தீர்த்துக்கொடுக்கக் கடவேன். தவறினால் ஏற்படும் நஷ்டத்துக்கு நானும் என் இதர சொத்துகளும் ஜவாப்தாரி.”

பழைய படியில் எல்லா ‘வேண்டியது’க்கும் ‘மஸ்ட்’ போட்டிருக்கிறார்கள். வாங்கியவர் நிலத்தை அனுபவித்தே ஆக வேண்டும் என்பது போல் இருக்கிறது. கிஸ்தி வரியில் ‘தி டாக்ஸஸ் மஸ்ட் பி பெய்ட்’ என்று யார் கட்டுவது என்பதே இல்லாமல் விட்டிருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர்

தம்பி, நாங்கள் எழுதும்போது ‘வேண்டியது’ என்பது வாக்கியத்தை முடிக்கிற ஒரு வழி. அது எல்லா இடத்திலும் கட்டளை ஆகாது. யார் செய்ய வேண்டும், எதற்காகச் செய்ய வேண்டும் என்பது அதற்கு முன்னால் இருக்கிற துணைவினையில் இருக்கிறது.

‘அனுபவித்துக்கொள்ள’, ‘செலுத்திக்கொள்ள’. கொள் வந்தால் தனக்காகச் செய்துகொள்வது. இங்கே பேச்சு ‘தாங்களே’ என்று வாங்குகிறவரைப் பார்த்துப் போகிறது. அதனால் அனுபவிப்பவரும் கிஸ்தி கட்டுபவரும் வாங்குகிறவர். ‘தீர்த்துக்கொடுக்க’. கொடு வந்தால் இன்னொருவருக்காகச் செய்து தருவது. அது விற்கிறவர் தலையில். ‘கடவேன்’ என்ற தன்மை விகுதியும் அதை உறுதி செய்கிறது. தமிழில் எழுவாய் இல்லாமலே ஆள் யார் என்று தெரிகிறது. ஆங்கிலத்தில் செயப்பாட்டுவினையாக எழுதினால் ஆள் தொலைந்துபோவார். ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘பர்ச்சேசர்’ அல்லது ‘வெண்டர்’ என்று எழுவாயைப் போட்டே தீருங்கள்.

ஆண்டு அனுபவிப்பது உரிமை. அதற்கு ‘ஷெல் பி என்டைட்டில்டு டு ஹோல்ட் அண்ட் என்ஜாய்’ என்ற பொருள் வர வேண்டும். மராமத்துச் செலவு கடமை. அதற்கு வெறும் ‘ஷெல்’.

வைகை வக்கீல்

கொள், கொடு என்ற இந்தச் சோதனையை நான் இப்படி யோசித்ததில்லை ஐயா, பயன்படும். கூடவே என் பக்கத்திலிருந்து ஒன்று: அந்த ஆள் அதைச் செய்யாவிட்டால் எதிராளி வழக்குப் போட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். வாங்கியவர் நிலத்தைச் சும்மா போட்டுவைத்தால் விற்றவர் வழக்குப் போட முடியாது. மராமத்துக்குப் பணம் தராவிட்டால் மற்ற பங்குதாரர் போடலாம்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. ‘என்டைட்டில்டு’ என்று நீங்கள் சேர்க்கும்போது பத்திரத்துக்கு நீங்களே பொருள் சொல்கிறீர்கள். பொருள் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. பழைய ஆங்கிலப் பத்திரங்கள் உரிமைக்கும் ‘ஷெல் ஹோல்ட் அண்ட் என்ஜாய்’ என்றே எழுதியிருக்கின்றன. நானாக இருந்தால் எல்லா இடத்திலும் ‘ஷெல்’ போட்டு, எழுவாயை மட்டும் தெளிவாக வைப்பேன். ‘மஸ்ட்’ வேண்டவே வேண்டாம்.

ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர்

‘ஷெல்’ என்றாலே கடமை என்று இன்றைய ஆங்கில ஒப்பந்தம் படிக்கிறவர்கள் எடுத்துக்கொள்கிறார்களே சார். நிலத்தில் இத்தனை வருஷம் பயிர் செய்யாமல் விட்டது ஒப்பந்த மீறல் என்று யாராவது கிளப்பினால்?

வைகை வக்கீல்

கிரயப் பத்திரத்தில் அப்படிக் கிளப்பினால் நிற்காது. ஆனால் ‘தினமும் விளக்குப் போட்டு அனுபவித்து வர வேண்டியது’ போன்ற நிபந்தனையோடு கூடிய ஒரு தானசெட்டில்மென்ட் என்றால் நிற்கலாம். அங்கே உரிமையா கடமையா என்பதே வழக்காக இருக்கும். அதனால்தான் மொழிபெயர்ப்பாளர் முடிவு சொல்லிவிடக் கூடாது என்கிறேன்.

வல்வை உறவு

கனடாவில் இருந்து எழுதுறன். எங்கட யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளில் ‘கிழக்கு: ஒழுங்கை, வடக்கு: இன்னாரின் காணி’ என்றுதான் எல்லை வரும். அதாவது எங்களுக்குத் திசைக்கு எதிரே உள்ளது அந்தத் திசையில் இருக்கிற எல்லை. ‘கு’ வராது. எனவே இங்கே சொன்ன விதியை எங்கட உறுதிக்குப் போட்டால் எல்லாம் பிழையாகிவிடும்.

எங்களுக்கு வந்த சிக்கல் அளவில். 2 பரப்பு 9 குழிக் காணி. மொழிபெயர்த்தவர் தமிழ்நாட்டுக்காரர். குழிக்கு 144 சதுர அடி என்று கணக்குப் போட்டு, மொத்தம் 45 குழி, 6,480 சதுர அடி என்று எழுதிவிட்டார். எங்களுக்கு 18 குழி ஒரு பரப்பு, ஒரு பரப்பு 10 பேர்ச். அப்படிப் பார்த்தால் 25 பேர்ச், 6,806 சதுர அடி. சகோதரங்களுக்குள் பிரிக்கும் நேரம் இந்த 326 சதுர அடி எங்கே போனது என்று கேள்வி வந்தது.

ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர்

நல்ல விஷயத்தைக் கொண்டுவந்தீர்கள். 144 என்பது தஞ்சாவூர்ப் பக்கத்துக் குழி, 100 குழி ஒரு மா. இரண்டும் ஒரே பெயர், வேறு அளவு. அதனால்தான் சொல்கிறேன், பத்திரத்தில் என்ன அலகு இருக்கிறதோ அதையே ஆங்கில எழுத்தில் போடுங்கள். கணக்குப் போட்டு மாற்றாதீர்கள். ஏக்கரைக்கூட ஹெக்டேராக்க வேண்டாம். நொய்யல்கரையின் 2.18 ஏக்கர் 0.8822 ஹெக்டேர். யாராவது அதை 0.88 என்று சுருக்கி, அடுத்தவர் மறுபடி ஏக்கராக்கினால் 2.17 சொச்சம் வரும். அரை சென்ட்டுக்கு மேல் காகிதத்திலேயே போய்விடும். சர்வே எண்ணும் அப்படியே. 1980-களில் யு.டி.ஆர். என்ற நிலப் பதிவேடு புதுப்பிக்கும் திட்டம் வந்தபோது 214/2 உட்பிரிவு ஆகியிருக்கலாம். இன்றைய பட்டாவில் வேறு எண் இருக்கிறதே என்று 1974 பத்திரத்தின் மொழிபெயர்ப்பில் அதைப் போடக் கூடாது.

நீங்கள் சொன்ன எல்லை முறையும் சரி. தமிழ்நாட்டிலும் இரண்டு முறையும் உண்டு. பழைய பத்திரத்தைப் பிற்பாடு டைப் செய்தவர்கள் ‘கோயில் பூமி – வடக்கு’ என்று ‘கு’வை விட்டுவிடுவதும் உண்டு. அப்படி ஒரு படி மட்டும் கையில் இருந்தால் எது எந்தப் பக்கம் என்று சொல்லவே முடியாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கி, எழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுக்க வேண்டும்.

கம்பிவேலி

ஒருவேளை அசல் பத்திரத்திலேயே எழுத்தர் தப்பாக எழுதியிருந்தால்? 215 உண்மையில் மேற்கே இருந்து, பத்திரத்தில் கிழக்கெல்லை போல எழுதியிருந்தால், மொழிபெயர்ப்பாளர் சரியாக்கி எழுதலாமா?

ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர்

கூடாது. தப்பையும் தப்பாகவே மொழிபெயர்க்க வேண்டும். அதைத் திருத்தப் பிழைதிருத்தல் பத்திரம் என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதில் விற்றவரும் வாங்கியவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

நொய்யல்கரை

இந்த இழையைப் படித்தபடியே முடித்த வரைவு இது. எல்லைகளைப் பத்திர வரிசையிலேயே வைத்து, ‘டு தி நார்த் ஆஃப்’ முறையில் எழுதினேன். வக்கீல் சார் சொன்ன நாலு திசை வடிவத்தை, மொழிபெயர்ப்பாளர் குறிப்பு என்று தெளிவாகச் சொல்லி அடிக்குறிப்பாகச் சேர்த்திருக்கிறேன். தடத்துக்கு ‘காமன் கார்ட் டிராக்’, கிணற்றுக்கு ‘அன்டிவைடட் ஹாஃப் ஷேர்’. ‘இட்டேரி’க்கு ஆங்கிலம் தேடவில்லை. ஆங்கில எழுத்தில் அப்படியே வைத்து, இருபுறமும் வேலியுள்ள ஊர்த்தடம் என்று ஒரு வரி போட்டேன். ‘வேண்டியது’ எல்லாம் எழுவாயோடு ‘ஷெல்’.

ஒன்று மட்டும் முடிவாகவில்லை. ‘மாமூல் தடபாத்தியம்’ என்பதில் ‘மாமூல்’ வழக்கமாக இருந்துவந்த உரிமையைச் சொல்கிறதா, அல்லது இந்தப் பத்திரத்தால் புதிதாகக் கொடுத்த உரிமை வழக்கம்போல நடக்கும் என்கிறதா? ‘கஸ்டமரி ரைட்’ என்றால் முதல் பொருள்தான் நிற்கும்.

வைகை வக்கீல்

‘கஸ்டமரி’ வேண்டாம். வழிநடை உரிமைச் சட்டத்தில் அந்தச் சொல்லுக்குத் தனிப் பொருள் உண்டு, ஊர் வழக்கத்தால் வரும் உரிமை என்று போய்விடும். ‘யூஷுவல்’ என்று போட்டு, பக்கத்திலேயே ‘மாமூல்’ என்பதை ஆங்கில எழுத்தில் வையுங்கள்.

ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர்

அண்ணன் பத்திரத்தையோ அவர்களுடைய பாகப்பிரிவினையையோ கேட்டுப் பாருங்கள் தம்பி. 1974-க்கு முன்பே பாகப் பத்திரத்தில் அந்த 10 அடித் தடம் இருந்தால், முதல் பொருள். இல்லாவிட்டால் வக்கீல் சார் சொன்னபடி விட்டுவிடுங்கள்.

நொய்யல்கரை

பாகப்பிரிவினைப் பத்திரம் வழக்குக் கட்டில் இல்லை. கட்சிக்காரரிடம் கேட்டிருக்கிறேன். அதுவரை ‘யூஷுவல்’ என்றே வைக்கிறேன்.